கணக்குப் பாத்துட்டீங்களா?

"ஏனுங்க, கணக்குப் பாத்துட்டீங்களா?"

பெருமாநல்லூரில் ஒரு சனிக்கிழமை மாலை என் காதில் விழுந்த கேள்வி இது. கேட்டவர், பனியன் துணிகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று பிசிர் வெட்டிக் கொடுக்கும் ஓர் அம்மாள். மூன்று வாரக் கூலி பாக்கி. கேட்கப்பட்டவர், மூட்டைகளைக் கொடுத்து வாங்கும் முதலாளி.

"பாத்துட்டனுங்க" என்றார் அவர், மூட்டையைக் கட்டிக்கொண்டே.

அம்மாள் சற்று நேரம் நின்றார். "பையனுக்குத் திங்கக்கிழமை பீஸ் கட்டணுமுங்க."

"ஆமாங்க, இப்ப எல்லா ஸ்கூல்லயும் பீஸை ஏத்திப்போட்டாங்க!"

அம்மாள் வெறுங்கையுடன் திரும்பினார். "நீங்கள் பணமே கேட்கவில்லையே?" என்றேன். "அவருக்குத் தெரியாதுங்களா?" என்றார். பாருங்கள், எனக்குச் சொன்ன பதிலும் ஒரு கேள்விதான்!

நேயர்களே, பணம் என்ற சொல் அந்த அம்மாளின் பேச்சில் ஒருமுறைகூட வரவில்லை. ஆனாலும் அவர் பணம் கேட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டதல்லவா? எப்படித் தெரிந்தது?

இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் பால் கிரைஸ், 1967-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதற்குக் காரணம் காட்டினார். பேசுகிற இருவரும் ஒத்துழைக்கிறார்கள், சமயத்துக்குப் பொருந்தியதையே பேசுகிறார்கள் என்று நாம் நம்புகிறோம். ஒரு பேச்சு பொருந்தாதது போலத் தோன்றினால், அதை எப்படியாவது பொருத்திப் பார்க்கிறோம். முதலாளியிடம் போய்ப் பையனின் பீஸைப் பற்றிச் சொல்வானேன்? அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை. அவரிடம் இருப்பது இவருடைய கூலி. ஆகவே, 'கூலியைக் கொடுங்கள்' என்பதே கருத்து. இவ்வளவு யோசனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து விடுகிறது.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டின் நன்னூலில் பவணந்தி முனிவர் வினாக்களை ஆறு வகையாகப் பிரிக்கிறார். ஒரு பொருளைப் பெறுவதற்காகக் கேட்பதைக் 'கொளல் வினா' என்கிறார். "கணக்குப் பாத்துட்டீங்களா?" அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். (பெருமாநல்லூருக்குக் கிழக்கே, பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவருடைய சொந்த ஊர் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடுவதுண்டு.)

விடைகளை அவர் எட்டாக வகுத்தார். முதல் மூன்று நேரான விடைகள். மற்ற ஐந்தும் சுற்றி வந்து விடையைத் தருபவை. "இந்த மூட்டையை இன்னிக்கே முடிச்சிருவீங்களா?" என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "விரல் வீங்கிப் போச்சுங்க" என்றால் அது உற்றது உரைத்தல்; "விரல் வீங்கிப் போகுமுங்க" என்றால் உறுவது கூறல். 'முடியாது' என்ற சொல் இரண்டிலும் இல்லை. ஆனால் கேட்டவர் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்.

சரி, சொன்னது எது, உணர்த்தியது எது என்று பிரித்தறிவது எப்படி? கிரைஸ் ஒரு சோதனை சொல்கிறார். உணர்த்தியதை மறுத்துப் பேசினாலும் முரண்பாடு வராது. "பையனுக்குப் பீஸ் கட்டணுமுங்க, அதுக்குப் பணம் இருக்குது, சும்மா சொன்னேன்" என்று அந்த அம்மாள் சொல்லலாம். "பீஸ் கட்டணும், ஆனா கட்ட வேண்டியதில்லை" என்று மட்டும் சொல்ல முடியாது.

குறிப்பாகப் பேசுவதன் லாபமும் நஷ்டமும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. கொடுக்க முடியாதவர் தலை குனிய வேண்டியதில்லை. கேட்டவருக்கும் மானம் போவதில்லை. அது லாபம். ஆனால், கேட்டவர் 'நான் கேட்கவில்லை' என்று சொல்லிக்கொள்ள முடிகிறதென்றால், கொடுக்க வேண்டியவரும் 'என்னிடம் யாரும் கேட்கவில்லை' என்று சொல்லிவிடலாமே! அந்த முதலாளி செய்தது அதைத்தான். அவருக்குப் புரியாமலில்லை, புரிந்ததனால்தான் எழுத்துக்கு எழுத்து பதில் சொன்னார். பீஸ் ஏறியதைப் பற்றி அவ்வளவு சுறுசுறுப்பாகப் பேசியதே அதற்குச் சாட்சி.

அடுத்த சனிக்கிழமையும் அங்கே போயிருந்தேன். அம்மாள் வெட்டிய துணிகளை எண்ணி வைத்தார். பிறகு, "நாலு வாரக் கூலி இருக்குதுங்க. இன்னிக்கு வேணுமுங்க" என்றார். குரல் உயரவில்லை, 'ங்க'வும் குறையவில்லை.

முதலாளி மேஜை இழுப்பறையைத் திறந்தார். நோட்டுகளை எண்ணியபடியே, "முன்னமே கேட்டிருக்கலாமுங்களே?" என்றார்.

அதுவும் ஒரு கேள்விதான். அது நன்னூலின் ஆறு வினாக்களில் எந்த வகை என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.