காலண்டர் தாளில் எழுதிய பாடம்

பாடக்குறிப்பு எழுதுவது வெட்டி வேலை என்று ஓய்வுபெற்ற நண்பர்கள் சிலர் டீக்கடையில் அடித்துப் பேசுகிறார்கள். வேலையில் இருக்கும் பிள்ளைகளோ வாட்ஸப்பில் வரும் பிடிஎஃப்பைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்படியே காப்பி அடிக்கிறார்கள். இரண்டு பேர் மீதும் எனக்குக் கோபம்தான். கட்டம் போட்ட குறிப்பேடு ஆசிரியருக்கு எதிரி இல்லை. கிறுக்கலில் தெரியாத ஓட்டையைக் காட்டிக் கொடுப்பதே அதுதான்.

திருச்சுழிப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு டீச்சர், உறவில் எனக்கு மருமகள் முறை. ஆறாம் வகுப்பு அறிவியலில் கலவைகளைப் பிரித்தல் பாடத்துக்குக் காலண்டர் தாளின் பின்பக்கம் இப்படிக் கிறுக்கியிருந்தது: "கண்மாய்த் தண்ணி பாட்டில். முறம், சல்லடை. மணல் + உப்பு, பிள்ளைகளே சொல்லட்டும். காந்தம்."

அருமையான நாலு வரி. ஆனால் நோட்டில் நோக்கம் என்ற இடத்தில், "மாணவர்கள் பிரித்தல் முறைகளைப் புரிந்துகொள்வர்" என்று எழுதிவிட்டது. "புரிந்ததை எந்தக் கண்ணால் பார்ப்பாய் தாயி?" என்று கேட்டேன். "எல்லாரும் அப்படித்தானே மாமா எழுதுறாங்க" என்றது.

நான் கடைசிக் கட்டமான மதிப்பீட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். பாடம் முடிந்ததும் பிள்ளை துண்டுத்தாளில் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்? கேள்வி இப்படி அமைந்தது: "மல்லி விதையில் சருகும், பொடிமண்ணும், இரண்டு இரும்பு ஆணியும் கலந்து கிடக்கின்றன. எந்த வரிசையில் பிரிப்பாய்? ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன?" ஆணிக்குக் காந்தம், மண்ணுக்குச் சல்லடை, சருகுக்குக் காற்று. வரிசை மாறினாலும் பரவாயில்லை. இரும்பு காந்தத்தில் ஒட்டும், மண் அளவில் சிறியது, சருகு எடை குறைந்தது என்ற காரணம் வரவேண்டும். கேள்வி கிடைத்ததும் நோக்கம் தானாக மாறிவிட்டது: "கலவையில் எந்தப் பண்பு வேறுபடுகிறது என்று கண்டு, அதற்கேற்ற பிரிக்கும் முறையைக் காரணத்தோடு எழுதுவர்."

அடுத்தது செயல்பாடு. முறத்தில் புடைத்துக் காட்ட பத்து நிமிஷம் என்று முதலில் போட்டிருந்தது. களத்துமேட்டில் அப்பத்தா தூற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எதற்குப் பத்து நிமிஷம்? ஒரு பிள்ளை புடைக்கட்டும், "ஏன் விதை பறக்கவில்லை?" என்று மட்டும் கேள், மூன்று நிமிஷம் போதும் என்றேன். மிச்ச நேரம் மணலுக்கும் உப்புக்கும் போகட்டும். அதில்தான் பிள்ளைகள் தடுமாறும். சல்லடை என்பார்கள், வடிகட்டி என்பார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவர்கள் வாயில் வரும்வரை டீச்சர் வாய் திறக்கக் கூடாது. இருவர் இருவராக 15 நிமிஷம்.

நேரத்தைப் போடும்போதுதான் ஓட்டை தெரிந்தது. கண்மாய்த் தண்ணீரை வகுப்பில் குலுக்கி வைத்தால் தெளியுமா? நம்மூர் கரிசல் மண்ணின் களித்துகள் அவ்வளவு நுண்மை. 40 நிமிஷப் பீரியடில் மணல் அடியில் உட்காரும், தண்ணீர் கலங்கலாகவே நிற்கும். தேத்தாங்கொட்டையைப் பானையில் உரைத்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்! ஆகவே ஒரு பாட்டிலை முதல்நாள் சாயங்காலமே குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும், இன்னொன்றைப் பாட நேரத்தில் குலுக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் காலம் என்பதும் பிள்ளைக்குத் தெரியும். உப்புத் தண்ணீரும் அப்படித்தான். வடிகட்டியதைத் தட்டில் மெல்லிசாக ஊற்றி வெயிலில் வைத்தால் உப்பு பூக்கும், ஆனால் அந்தப் பீரியடுக்குள் பூக்காது. பீரியடை மதியத்துக்கு முன்னால் வைத்தால் சாயங்கால மணிக்கு முன் ஒரு எட்டு பார்க்கலாம். மேகம் போட்டால் மறுநாள்தான்.

கடைசியில் நோட்டில் நின்ற கணக்கு இது. பாட்டில்கள் இரண்டையும் பார்த்துப் பேச 7 நிமிஷம், முறமும் சல்லடையும் காந்தமும் 8, மணல் உப்பு 15, துண்டுத்தாள் எழுத 10. காலண்டர் தாளில் இருந்த ஒன்றும் விடுபடவில்லை, ஒவ்வொன்றுக்கும் இடமும் நேரமும் வந்திருக்கிறது.

பயிற்சிப் பள்ளியில் ஹெர்பார்ட்டின் பெயரால் ஐந்து படி என்றார்கள், பிறகு படைப்பாற்றல் கல்வி என்று மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல் எல்லாம் வந்தன. தலைப்புகள் மாறும். ஆனால் மேலே வருபவர் தலைப்புகள் நிரம்பியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துச் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டால், கீழே இருப்பவர் நிரப்பத்தானே செய்வார்? "நோக்கத்துக்கும் கடைசிக் கேள்விக்கும் பொருத்தம் எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும், பிடிஎஃப் வியாபாரம் படுத்துவிடும். அந்தப் பிடிஎஃப் எழுதியவருக்கு நம் கரிசல் தண்ணீர் எத்தனை மணி நேரம் கலங்கி நிற்கும் என்று தெரியுமா?

துண்டுத்தாள்களைப் பாடம் முடிந்த அன்றே பார்க்க வேண்டும். மண்ணைப் பிரிக்க "வடிகட்டுவேன்" என்று எழுதிய பிள்ளை முறையின் பெயரை மட்டும்தான் மனப்பாடம் செய்திருக்கிறது. முப்பதில் நாலைந்து பேர் அப்படி என்றால் தனியாகக் கூப்பிட்டுச் சல்லடையைக் கையில் கொடுக்கலாம். பாதிப் பேர் என்றால் மறுநாள் முதல் பத்து நிமிஷம் அதற்குத்தான், புதுப் பாடம் காத்திருக்கட்டும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு எந்தப் பிடிஎஃப்பிலும் கட்டம் கிடையாது, மருமகள் ஓரத்தில் பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டது.