மாதிரி விடையை எப்போது திறப்பது?



உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது நமது ஊரில் செமினார் தொடங்கிவிடும். மண்டபம் பிடித்து, ஒலிபெருக்கி கட்டி, வெளியூரிலிருந்து ஒரு சேரை அழைத்து வந்து, ‘எதிர்பார்க்கை வினாக்களுக்கு’ மாதிரி விடை சொல்லிக் கொடுப்போம். பிள்ளைகள் மூன்று மணித்தியாலம் குனிந்த தலை நிமிராமல் எழுதுவார்கள். ஆனால் அவர்கள் எழுதுவது சேரின் விடையை. தங்களுடைய விடையை எழுதும் முதல் நாள் பல பிள்ளைகளுக்குப் பரீட்சை நாளாகவே இருக்கிறது. இதைப் பற்றித்தான் பெற்றோரிடமும், பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும், பழைய மாணவர் சங்கத்தினரிடமும் ஆசிரியர்களாகிய நாங்கள் கொஞ்சம் பேச விரும்புகிறோம்.

எங்கள் கருத்து இதுதான். மாதிரி விடை திருத்துவதற்கான கருவி. பிள்ளை நேரம் வைத்துத் தன் விடையை எழுதி முடித்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். முதலே திறந்து வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். எது தெரியவில்லை என்பது கடைசிவரை தெரியாது.

பொருளியலை எடுத்துக்கொள்வோம். கலை, வர்த்தகம் இரண்டு பிரிவிலும் நமது பிள்ளைகள் அதிகம் எடுக்கும் பாடம். இரண்டாம் வினாத்தாள் 3 மணித்தியாலம், அதற்கு முன் வாசிப்பதற்கு 10 நிமிடம். பத்து வினாக்களில் ஐந்துக்கு எழுத வேண்டும், இரண்டு பகுதியிலிருந்தும் குறைந்தது இரண்டு வீதம். ஒரு வினாவுக்கு 20 புள்ளி.

இப்போது கணக்குப் போடுங்கள். 180 நிமிடத்தில் கடைசியில் சரிபார்க்க 10 நிமிடத்தை ஒதுக்கினால் மிச்சம் 170. ஐந்தால் பிரித்தால் ஒரு வினாவுக்கு 34 நிமிடம். ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிடம். 3 புள்ளிப் பகுதிக்கு 5 நிமிடம்; 8 புள்ளிப் பகுதிக்கு 13 அல்லது 14 நிமிடம். இந்தக் கணக்குத் தெரியாத பிள்ளை, தனக்குப் பிடித்த 3 புள்ளிப் பகுதிக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வினாவுக்கு வரும்போது நான்கு வரியோடு விடைத்தாளைக் கொடுத்துவிடும்.

வகுப்பில் நாங்கள் கொடுத்த ஒரு வினாவையே பார்ப்போம். அரிசிக்கு அரசாங்கம் உச்ச விலை விதிப்பதைப் பற்றியது. கேள்விச் சமன்பாடு Qd = 800 − 2P, நிரம்பல் சமன்பாடு Qs = −400 + 4P. முதற்பகுதி, உச்ச விலை என்றால் என்ன, ஏன் விதிக்கப்படுகிறது (3 புள்ளி). இரண்டாவது, சமநிலை விலையையும் தொகையையும் கணித்து, 180 ரூபாய் உச்ச விலையில் சந்தையின் நிலையைக் காட்டுதல் (5 புள்ளி). மூன்றாவது, உச்ச விலையின் விளைவுகள் நான்கினை விளக்குதல் (8 புள்ளி). நான்காவது, அந்த விலை பயன்தர அரசாங்கம் எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் இரண்டு (4 புள்ளி).

ஒரு மாணவி 34 நிமிடத்தில் எழுதினாள். மாதிரி விடையைப் பார்த்துத் தானே திருத்தி, 20க்கு 15 போட்டாள். பிறகு அதே விடையை வேறு முறையில் திருத்தச் சொன்னோம். புள்ளி போடும் ஒவ்வொரு இடத்திலும், அந்தப் புள்ளியைப் பெற்றுத் தரும் சொல்லையோ வரியையோ தன் கையெழுத்தில் தேடிச் சிவப்புப் பேனையால் கோடிட வேண்டும். கோடிட இடமில்லை என்றால் புள்ளியும் இல்லை. ‘நான் இதைத்தான் சொல்ல வந்தேன்’ என்பது கணக்கில் வராது. திருத்துபவர் மனதை வாசிக்க மாட்டார், தாளைத்தான் வாசிப்பார்.

இந்த முறையில் வந்த புள்ளி 10.

முதற்பகுதியில் மூன்றும் கிடைத்தன. இரண்டாவதில் சமநிலை விலை 200, தொகை 400 என்று சரியாகக் கணித்திருந்தாள். உச்ச விலையில் கேள்வித் தொகை 440 என்றும் எழுதியிருந்தாள். ஆனால் நிரம்பல் தொகை 320 என்பதையும், மிகைக் கேள்வி 120 என்பதையும் எழுதாமல், ‘ஆகவே தட்டுப்பாடு ஏற்படும்’ என்று முடித்துவிட்டாள். அங்கே 3.

மூன்றாவது பகுதியில்தான் பெரிய இழப்பு. ஒன்றேகால் பக்கம் எழுதியிருந்தாள். பார்க்க நிறைவான விடை மாதிரித்தான் இருந்தது. கோடிடத் தொடங்கியபோது, ‘பொருட்கள் கிடைக்காது’, ‘மக்கள் கடை கடையாக அலைவார்கள்’, ‘பற்றாக்குறை உண்டாகும்’ என்று வெவ்வேறு சொற்களில் வந்த மூன்று பந்தியும் ஒரே விளைவு என்பது அவளுக்கே தெரிந்தது. அதற்கு 2 புள்ளிதான். கறுப்புச் சந்தை உருவாகும் என்று பெயர் மட்டும் சொல்லியிருந்தாள், ஏன் உருவாகிறது என்று சொல்லவில்லை. அதற்கு 1. ஆக எட்டுக்கு 3. நான்காவது பகுதியில் நேரம் முடிந்து ஒரு வரி மட்டும், 1 புள்ளி.

இனித்தான் முக்கியமான வேலை. இழந்த 10 புள்ளியையும் மூன்று கூட்டில் போடச் சொன்னோம்: தெரியாதது, தெரிந்தும் எழுதாதது, நேரம் போதாதது.

நிரம்பல் தொகையும் மிகைக் கேள்வியும் அவளுக்குத் தெரியும், எழுதவில்லை. கறுப்புச் சந்தைக்கான காரணமும் தெரியும்: குறைவான தொகையே சந்தைக்கு வரும்போது, உச்ச விலையை விடக் கூடக் கொடுக்கத் தயாரான நுகர்வோர் இருப்பார்கள். விலையால் பங்கிட முடியாதபோது வரிசையும் பங்கீட்டு முறையும் வரும் என்பதும் தெரியும். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதும், பிறகு கியூஆர் குறியீட்டால் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று பங்கிட்டதும் நமது வீடுகளில் எல்லாரும் பட்டதுதான். அது ஒரு விடை என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. இவை சேர்ந்து 5 புள்ளி, தெரிந்தும் எழுதாதவை. விலையைக் கூட்ட முடியாத வியாபாரி பொருளின் தரத்தைக் குறைப்பார் என்ற விளைவு மட்டும் உண்மையாகவே தெரியாதது, 2 புள்ளி. நான்காவது பகுதியில் போன 3 புள்ளி நேரத்தால் போனது.

கவனியுங்கள். பத்தில் இரண்டுதான் படிக்காததால் போனது. இந்தப் பிள்ளையிடம் நாம் ‘போய் இன்னும் படி’ என்று சொன்னால், அது அந்த இரண்டு புள்ளிக்குரிய மருந்து. மற்ற எட்டுக்கும் மருந்து வேறு.

தெரிந்தும் எழுதாததற்கு மருந்து, எழுதுமுன் திட்டமிடுவது. 8 புள்ளிப் பகுதிக்குரிய 13 நிமிடத்தில் முதல் 2 நிமிடம் பேனையைப் பந்திக்குக் கொண்டுபோகாமல், ஓரத்தில் நான்கு சொல் எழுத வேண்டும்: தட்டுப்பாடு, கறுப்புச் சந்தை, பங்கீடு, தரம். நான்கும் வேறு வேறுதானா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டே வாக்கியம். ஒன்று விளைவைச் சொல்லும், மற்றது காரணத்தைச் சொல்லும். நேரம் போதாததற்கு மருந்து, ஒவ்வொரு பகுதியும் முடிய வேண்டிய நேரத்தை வினாத்தாளின் ஓரத்தில் முதலே குறித்துவைப்பது. நேரம் வந்தால் மூன்று வரி இடம் விட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அதே வினாவைத் திரும்பக் கொடுத்தால் பிள்ளை ஞாபகத்திலிருந்து எழுதும். ஆகவே அதன் இரட்டையைக் கொடுத்தோம்: நெல்லுக்கு உத்தரவாத விலை. அதே சமன்பாடுகள், விலை 220. இப்போது கேள்வித் தொகை 360, நிரம்பல் தொகை 480, மிகை நிரம்பல் 120. உச்ச விலையின் விளைவுகளை மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே தடுமாறும். விளங்கிய பிள்ளை, மிஞ்சும் நெல்லை யார் வாங்குவது, எங்கே களஞ்சியப்படுத்துவது, அதற்குச் செலவு யாருடையது என்று தானாகவே போகும்.

இதை வீட்டில் செய்ய ஏற்ற நேரம் நம்மிடம் இருக்கிறது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். 34 நிமிடம் எழுத, மிச்சம் திருத்த. வாரத்தில் மூன்று நாள் போதும். தொடக்கத்தில் ஒரு வினாவுக்கு 45 நிமிடம் கொடுத்து, பிறகு 34க்குக் கொண்டு வரலாம். கடைசி இரண்டு மாதத்தில் முழுத்தாளையும் ஒரே இருப்பில் எழுத வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கை வலிக்கும்போது நான்காம், ஐந்தாம் விடைகள் சுருங்கிப் போவதைத் தனித்தனி வினாக்களில் காண முடியாது.

இரண்டு எச்சரிக்கை. கடையில் வாங்கும் மாதிரி விடைப் புத்தகங்கள் பலவற்றில் நீண்ட பந்திகள் இருக்கும், எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்று இருக்காது. அதை வைத்துத் திருத்தும் பிள்ளை, ‘என்னுடையதும் இது மாதிரித்தான்’ என்று தாராளமாகப் போட்டுவிடும். பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளி வழங்கும் திட்டத்தைப் பாவியுங்கள். அது கிடைக்காத வினாவுக்கு, புத்தகத்தின் பந்தியை முதலில் இலக்கமிட்ட அம்சங்களாக உடைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, மாதிரி விடையில் இல்லாத ஒன்றைப் பிள்ளை சரியாக எழுதியிருக்கலாம். அதை வெட்ட வேண்டாம். பக்கத்தில் கேள்விக்குறி போட்டு ஆசிரியரிடம் காட்டட்டும். இஸ்லாமிய நாகரிகம், வரலாறு போன்ற பாடங்களில் வாதத்தின் ஒழுங்கையும் மொழியையும் பிள்ளை தானே அளக்க முடியாது. அங்கே நான்கில் ஒரு விடையையாவது ஆசிரியர் திருத்த வேண்டும். அந்தப் பொறுப்பு எங்களுடையது.

ஊருக்கு எங்கள் வேண்டுகோள் சிறியது. செமினாருக்கு மண்டபம் பிடிக்கிற அதே பணத்தில், சனிக்கிழமைக் காலைகளில் பாடசாலை மண்டபத்தை எழுதும் மண்டபமாக்குவோம். பெண் பிள்ளைகள் வந்து போகவும் அந்த நேரம் வசதி. தேவைப்படுவது போட்டோப் பிரதி எடுத்த வினாத்தாள், சுவரில் ஒரு பெரிய கடிகாரம், திருத்தும்போது பக்கத்தில் நிற்கப் பல்கலைக்கழகம் போயிருக்கும் நமது பழைய மாணவர்கள் இரண்டு பேர். மூன்று மணித்தியாலம் மண்டபத்தில் யாரும் பேச வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் ஒன்று. ‘எத்தனை மணித்தியாலம் படித்தாய்?’ என்று கேட்பதை ஒரு மாதத்துக்கு விட்டுவிட்டு, ‘இந்த வாரம் திருத்திய விடையைக் காட்டு’ என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பொருளியல் தெரியத் தேவையில்லை. சிவப்புக் கோடும், அந்த மூன்று கூடும் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் முயற்சியை இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.