கேட்டில் 12 மணி நேரம்: ஜாப் அனாலிசிஸை மீண்டும் நடத்தக் கோரும் மனு

பெறுநர்: ரயில்வே பணியாளர் பிரிவின் உயர் அலுவலர் அவர்கள்

பொருள்: தாம்பரம் - செங்கல்பட்டு தடத்தில் 12 மணி நேர டூட்டி நடக்கும் லெவல் கிராசிங் கேட்டுகளின் பணி வகைப்பாடு

ஐயா,

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பணிபுரியும் கேட் கீப்பர்களின் சார்பில் சங்கம் இம்மனுவை அளிக்கிறது.

இதே பொருளில் முன்பு எழுதிய கடிதங்களுக்கு, வகைப்பாடு ஏற்கெனவே முடிவானது என்ற ஒரு வரிப் பதில்தான் வந்தது. அந்த முடிவு எந்த ஆய்வின் மேல் நிற்கிறது, அந்த ஆய்வு எப்போது நடந்தது என்றே சங்கம் கேட்டிருந்தது. அதற்குப் பதில் இல்லாததால் புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கும் விளங்கும்படி, தொடக்கத்திலிருந்தே மறுபடி எழுதுகிறது.

ஒருவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்பதை ரயில்வேயில் பதவியின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த இடத்தில் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று அருகில் இருந்து நிமிடக் கணக்கில் குறிப்பதே ஜாப் அனாலிசிஸ். அதைக் கொண்டு அந்தப் பணி ‘இன்டென்சிவ்’, ‘கன்டினியுவஸ்’, ‘எசென்ஷியலி இன்டர்மிட்டன்ட்’ என வகைப்படுத்தப்படுகிறது. வகைக்கேற்ப ரோஸ்டர், ரோஸ்டருக்கேற்ப ஆள் எண்ணிக்கை. அடியிலுள்ள ஆய்வு பழையதானால் மேலே கட்டியது எல்லாமே பிழையாகும்.

சங்கம் பற்றி நிற்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 130ஆவது பிரிவு. ஒரு பணியை எசென்ஷியலி இன்டர்மிட்டன்ட் என்று அறிவிக்க அது இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. தொடர்ந்து 72 மணி நேரத்தின் சராசரியில், 12 மணி நேர டூட்டியில் பாதியாவது செயலற்ற நேரமாக இருக்க வேண்டும். அதற்குள் ஒரு மணிக்குக் குறையாத ஓர் இடைவெளியோ, அரை மணிக்குக் குறையாத இரண்டு இடைவெளிகளோ இருக்க வேண்டும். உடலுழைப்பு இல்லாததால் மட்டும் ஒரு நேரம் செயலற்ற நேரமாகிவிடாது. தொடர்ந்த கவனமும் தேவைப்படாமல் இருந்தால்தான் சட்டம் அதை ஓய்வாக ஏற்கிறது.

எங்கள் கேட்டுகளை அந்த வகையில் வைத்தது பற்றிய தகராறு முழுவதும் இந்தக் கவனத்தில்தான் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து போன் வருகிறது. கேட் கீப்பர் கேட்டை மூடிப் பூட்டி, பிரைவேட் நம்பர் கொடுத்து, ரெஜிஸ்டரில் எழுதுகிறார். பிறகு ரயிலை எதிர்பார்த்து நிற்கிறார். மூடிய கேட்டுக்கு அடியில் பைக்கோடு நுழைபவரைத் தடுக்கிறார். ரயில் கடக்கும்போது கொடியோடு நின்று, ஏதாவது தொங்குகிறதா, சக்கரப் பக்கம் புகை வருகிறதா என்று கடைசிப் பெட்டி வரை பார்க்கிறார். அதன் பிறகே கேட் திறக்கிறது.

ஒரு ரயிலுக்கு இது 12 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டூட்டியில் தனித்தனியாக 30 ரயில்கள் கடந்தால் 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். மூடித் திறக்கும் 4 நிமிடத்தை மட்டும் எண்ணினால் இதே உழைப்பு இரண்டு மணி நேரமாகச் சுருங்கி, மீதிப் பத்து மணி நேரமும் ஓய்வு என்று தாளில் ஏறிவிடும். காத்து நின்ற நிமிடங்கள் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டுள்ளன என்று பார்த்தாலே ஆய்வு சரியா தவறா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது நிபந்தனை இன்னும் தெளிவானது. மின்சார ரயில், எக்ஸ்பிரஸ், சரக்கு ரயில் என்று மாறி மாறி வரும் தடத்தில், டூட்டி நேரம் முழுவதும் இருபது நிமிடத்துக்கொரு முறை கேட் மூடப்பட்டால் அரை மணி இடைவெளி எங்கிருந்து வரும்? அப்படிப்பட்ட கேட்டில் மொத்த ஓய்வு எவ்வளவு இருந்தாலும் இந்த வகைப்பாடு செல்லாது.

நிர்வாகத்தின் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் சங்கத்துக்குத் தெரியும். 2005ஆம் ஆண்டு பணிநேர விதிகளின்படி எசென்ஷியலி இன்டர்மிட்டன்ட் வகையிலுள்ள ‘சி’ வகுப்பு கேட் கீப்பருக்கு வாரம் 48 மணியோடு 24 மணி கூடி 72 ஆகிறது. கன்டினியுவஸ் என்றால் 48தான். ஒரு கேட்டுக்கு வாரம் 168 மணி நேரமும் ஆள் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆறு கேட்டுகளுக்கு 1008 மணி. அதை 72ஆல் வகுத்தால் 14 பேர், 48ஆல் வகுத்தால் 21 பேர். விடுப்புக்கான ஆட்கள் இதில் சேரவில்லை. கூடுதலாகத் தேவைப்படும் இந்த ஏழு பதவிகளை உருவாக்க நிதி ஒப்புதல் வேண்டும் என்பது உண்மை. ஆனால், பதவி இல்லை என்பதற்காக வேலையின் தன்மையை மாற்றி எழுதச் சட்டத்தில் இடமில்லை.

2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தனர். அது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். அத்தகைய கேட்டில் தடுப்பாக நிற்பது ஒரு மனிதரின் கவனம் மட்டுமே. அந்தக் கவனத்தை ஓய்வு நேரம் என்று கணக்கெழுதுவதைச் சங்கம் ஏற்காது.

எனவே, 12 மணி நேர டூட்டியுள்ள ஒவ்வொரு கேட்டிலும் 72 மணி நேர ஜாப் அனாலிசிஸைச் சங்கப் பிரதிநிதி முன்னிலையில் புதிதாக நடத்த வேண்டும். காத்திருப்பை வேலை நேரமாகக் குறிக்க வேண்டும். ஆய்வுத் தாளின் நகலைச் சங்கத்துக்குத் தர வேண்டும்.

மேலும், கேட் அறைகளில் கழிப்பறையும் குடிநீரும் அமைக்கவும், ரோஸ்டரைத் தமிழிலும் ஒட்டவும், இரவு டூட்டி பார்க்கும் பெண் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கவும் கோரப்படுகிறது.

வகைப்பாடு பற்றிய தகராறை மண்டலத் தொழிலாளர் ஆணையரிடம் கொண்டுசெல்ல விதிகள் இடம் தருகின்றன. அதற்கு முன் நிர்வாகமே ஆய்வுக்குத் தேதி குறித்து எழுத்தில் தெரிவிக்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்