பாதியில் அறுந்த சுருக்கம்

கிளிநொச்சியில எங்கட வாசிப்பு வட்டத்துக்குச் செய்த செயலியில், கட்டுரையைச் சுருக்கித் தரும் வசதியையும் சேர்த்தோம். சுருக்குவது ஏபிஐ வழியாக வரும் ஒரு மொழி மாதிரி. செலவு கைமீறக் கூடாது எண்டு `max_tokens` அளவை 100 ஆக வைச்சம். ஆங்கிலச் சுருக்கம் முழுசா வந்தது. தமிழ்ச் சுருக்கம் வசனத்தின் நடுவில நிண்டிட்டுது. பதிலில் `finish_reason` என்ற இடத்தில் `length` என்று இருந்தது. எல்லையில் முட்டி வெட்டுப்பட்டிருக்கு.

கட்டணம் சொல்லுக்கு இல்லை, டோக்கன் எனப்படும் எழுத்துத் துண்டுகளுக்கு. 2024இல் ஜிபிடி-4ஓ வெளிவந்தபோது ஓபன்ஏஐ காட்டிய உதாரணத்தில், ஒரே செய்திக்குப் பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கன், தமிழில் 116. புதிய முறையில் 24, 35. இடைவெளி குறைஞ்சிருக்கு, மறையவில்லை.

ஆகவே தமிழை வெட்டிக் காசு மிச்சம் பிடிக்கிறது பிழை என்பேன். அந்த எல்லை, மாதிரியைச் சுருக்கமாக எழுத வைக்காது, எழுதினதை அறுக்கும். "மூன்று வசனத்தில் சொல்" என்று கேள்வியிலேயே கேட்க வேணும். ஒரு கட்டுரையை 40 பேர் திறந்தால் 40 தரம் காசு போகும். அறுபடாத முதல் சுருக்கத்தைச் சேமிச்சு வைச்சால் ஒரு தரம்தான். மிச்சம் அங்கதான் இருக்கு.