வெடிக்கும் களியும் ஒரு லொறி மணலும்

மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியிலே வாழ்ந்தோர்க்கு அங்குள்ள கருங்களியின் குணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆவணி மாதத்தில் வளவெங்கும் கை நுழையக்கூடிய வெடிப்புக்கள். கார்த்திகையில் அதே வளவிலே கணுக்கால் மூழ்கும் தண்ணீர். நீரிலே நிற்கும் நெல்லுக்கு இம்மண் பொன் போன்றது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை இயங்கிய காலத்தில் இங்கிருந்துதான் களி கொண்டுசென்றனர். ஆனால், சீமெந்துக்கு உகந்த மண்ணிலே கத்தரியும் வெண்டியும் எப்படி மூச்சு விடும்?

ஆசிரியத் தொழிலின் பொருட்டு அவ்வூரிலே குடியேறிய முதலாண்டில், களி இறுகியிருந்தால் மணலைக் கலந்து இளக்கலாம் என்று நாம் எண்ணினோம். ஒரு லொறி மணலைப் பறித்து, வளவு முழுவதும் பரப்பிக் கொத்தினோம். அயல்வீட்டுக் கமக்காரர் வேலியருகே நின்று பார்த்தார். “மாஸ்ரர், செங்கல் சூளை வைக்கப் போறியளோ?” என்று கேட்டார். பங்குனி வெயில் ஏறியபோதுதான் அக்கேள்வியின் பொருள் எமக்கு விளங்கிற்று. மண்வெட்டி பட்டால் கணீரென்று ஒலித்தது நிலம்.

காரணம் இதுதான். களியின் துணிக்கைகள் மிக நுண்ணியவை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரு பங்கிலும் சிறியது. அவை தகடு தகடாக அமைந்தவை. கருங்களியிலே அத்தகடுகளுக்கிடையில் நீர் புகுந்தால் மண் வீங்கும். நீர் நீங்கினால் சுருங்கிப் பிளக்கும். முதல் மழை வெடிப்புக்களின் வழியே உள்ளே ஓடிவிடும். பின்னர் மண் வீங்கி வெடிப்புக்கள் மூடிக்கொள்ள, அடுத்த மழைக்கு இறங்க வழியில்லை. இத்தகைய மண்ணிலே சிறிதளவு மணலை இட்டால், மணிகளுக்கு இடையிலுள்ள வெளிகளைக் களியே நிரப்பிவிடுகின்றது. மணலால் மண்ணின் தன்மை மாறவேண்டுமாயின், கொத்தும் மண்ணில் பாதிக்கு மேல் மணலாகவே இருத்தல் வேண்டும். அது எந்த ஆசிரியரின் சம்பளத்துக்கும் கட்டுப்படியாகாது.

மக்கிய பசளையோ வேறு விதமாக வேலை செய்கின்றது. அதிலே வாழும் நுண்ணுயிர்களும் அவை விடும் பிசினும் களித் துணிக்கைகளைச் சிறு சிறு உருண்டைகளாகச் சேர்க்கின்றன. உருண்டைகளின் இடைவெளியால் நீர் இறங்கும். காற்றும் வேரும் உட்புகும்.

மறு ஆண்டில் பத்தடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட ஒரேயொரு பாத்தியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதன் மேல் 3 அங்குல உயரத்துக்குக் கூட்டெருவைப் பரப்பினோம். இது 25 கன அடி. 50 கிலோ அரிசிச் சாக்கினால் அளந்தால் ஏறக்குறைய பன்னிரண்டு சாக்கு. பூவரசங்குழையும் சாணமும் வைக்கோலும் அடுக்கி, நான்கு மாதம் மக்கவிட்ட எரு அது. அதன் மேல் ஓரங்குலம் கருக்கிய உமி. மக்கத் தாமதிக்கும் இத்தகைய பரும்பொருளே, எரு கரைந்த பின்னும் மண்ணைத் திறந்து வைத்திருக்கும். யாவற்றையும் 8 அங்குல ஆழத்துக்குக் கலந்து கொத்தினோம். அரைகுறையாக மக்கிய எருவை அவசரப்பட்டு இட்டால், அது மக்குவதற்கு மண்ணிலுள்ள நைதரசனையே எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகிவிடும்.

கொத்துவதற்குரிய நாளைத் தெரிவதே இதில் நுட்பமான வேலை. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையிலே உருட்டிப் பார்த்தல் வேண்டும். மினுக்கத்துடன் நீண்ட திரியாக வந்தால் ஈரம் அதிகம். அப்போது கொத்தினால் மண் அரைபட்டுப் பின்னர் கல்லாகும். திரியாகுமுன் உதிர்ந்தால் அன்றே கொத்தலாம். மாரி ஓய்ந்த தையின் பிற்பகுதியில் அத்தகைய சில நாட்களே எமக்குக் கிடைத்தன. அவற்றைத் தவறவிட்டால் அலவாங்குதான் துணை.

பாத்தியைச் சுற்றி ஓரடி ஆழ வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையும் எருவோடு கலந்து பாத்தியில் ஏற்றினோம். கீழே இருப்பது இன்னமும் களியே. மேல் மண்ணிலே இறங்கிய நீர் வெளியேற ஒரு வழி வேண்டுமன்றோ? முன்னர் தேசிக்கன்று ஒன்றுக்குக் குழி வெட்டி, அடியிலே கல்லும் மேலே நல்ல மண்ணும் இட்டு நட்டிருந்தோம். மாரியிலே சுற்றுப்புற நீரெல்லாம் அக்குழியில் வந்து தங்க, கன்று நின்ற நிலையிலேயே வேரழுகிப் பட்டது. களி நிலத்திலே நல்ல மண் நிரப்பிய குழி வெறும் தொட்டியே.

பலனை அறிய எளிய சோதனை ஒன்று செய்தோம். ஓரடிக் குழி தோண்டி நீர் நிரப்பி, அது வற்றிய பின் மறுபடியும் நிரப்பி, நீர் இறங்கும் வேகத்தைப் பார்த்தோம். பழைய வளவிலே மறுநாளும் நீர் நின்றது. பாத்தியிலோ மாலைக்குள் வற்றிவிட்டது. வெடிப்பு முற்றாக நீங்கியதென்று சொல்ல மாட்டோம். கை நுழைந்த இடத்தில் இப்போது விரல் நுழைகின்றது. வைக்கோல் மூடாக்கு இட்ட பகுதியில் அதுவும் குறைவு. எமது வெப்பத்திலே எரு விரைவில் கரைந்துவிடுவதால், ஆண்டுதோறும் ஓரங்குலம் புதிதாக இட்டு வருகின்றோம்.

புதிய தேசிக்கன்றை இம்முறை குழியிலே வைக்கவில்லை; ஒன்றரை அடி மேடு கட்டி அதன் மேல் நட்டிருக்கின்றோம். இரண்டு மாரி கண்டுவிட்டது; இலை பச்சையாகவே இருக்கின்றது.