"சார், எதைத் தள்ளி வைக்கட்டும்?" - வேலை குவியும்போது மேலதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி

மாதத்தின் 9-ம் தேதி, மதியம் மூன்றரை மணி. அக்கவுன்ட்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தேதியின் அர்த்தம் தெரியும். 11-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்ய வேண்டும். 15-ம் தேதிக்குள் பி.எஃப், இ.எஸ்.ஐ கட்ட வேண்டும். 20-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி. அந்த நேரம் பார்த்து மேனேஜர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, "பேங்க்ல கேக்கறாங்கம்மா, எல்லா பார்ட்டியோட அவுட்ஸ்டாண்டிங் ரிப்போர்ட்டும் நாளைக்குள்ள வேணும்" என்கிறார்.

பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ஒன்று, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு இரவு ஒன்பது வரை உட்காருவது. இன்னொன்று, "எனக்கு ஏற்கெனவே தலைக்கு மேல வேலை சார்" என்பது. முதல் பதிலில் எந்த வேலை தாமதமாகப் போகிறது என்பது மேனேஜருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இரண்டாவது பதில் அவருக்குப் புலம்பலாகக் கேட்கிறது. 'தலைக்கு மேல' என்றால் எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. கையில் உள்ள வேலைகளைத் தேதியோடும் நேரத்தோடும் சொல்லி, 'இதைச் செய்ய எதைத் தள்ளி வைக்கட்டும்?' என்று கேட்பது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால், கணக்கில்லாமல் கேட்டால் இதுவும் புலம்பலாகிவிடும். ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

முதலில் கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அக்கவுன்ட்ஸ் பார்ப்பவரின் பெயர் கவிதா என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இப்போது இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஜி.எஸ்.டி.ஆர்-1-க்கு இன்னும் 60 பில்கள் சரிபார்க்க வேண்டும். நூல், டையிங், பிரின்டிங் சப்ளையர்களுக்கான பேமென்ட் லிஸ்ட்டை 10-ம் தேதி மாலை தருவதாக முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்.

60 பில்லுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உத்தேசமாகச் சொல்லாமல், பத்து பில்லைப் பார்த்து முடித்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பார்ட்டியின் ஜி.எஸ்.டி எண், ஹெச்.எஸ்.என் கோடு, வரி விகிதம் எல்லாம் சரிபார்க்க, பத்து பில்லுக்கு 40 நிமிடம் ஆகிறது என்றால், 60 பில்லுக்கு நான்கு மணி நேரம். பேமென்ட் லிஸ்ட்டுக்கு இரண்டு மணி நேரம். புதிதாகக் கேட்ட ரிப்போர்ட்டை டேலியிலிருந்து எடுத்து, திருப்பி வந்த சரக்கு, கழிக்காத அட்வான்ஸ் எல்லாம் நேர் செய்து கொடுக்க ஐந்து மணி நேரம்.

அடுத்து, உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறது? எட்டு மணி நேர வேலை என்றால் எட்டு மணி நேரமும் கைக்கு வராது. அன்றாட பில் என்ட்ரி, பேங்க், போன் இவற்றுக்கே மூன்று மணி நேரம் போய்விடும். மிச்சம் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். இன்றைக்கு இரண்டு, நாளைக்கு ஐந்து. ஆக நாளை மாலைக்குள் ஏழு மணி நேரம் இருக்கிறது. மூன்று வேலைகளுக்கும் சேர்த்துத் தேவை பதினொன்று.

இந்த இரண்டு எண்கள்தான் பேச்சின் அடிப்படை. ஏழு இருக்கிறது, பதினொன்று வேண்டும். இதைச் சொல்லும்போது மேனேஜர் கவிதாவின் மனநிலையைப் பற்றி யோசிக்க மாட்டார், கணக்கைப் பற்றி யோசிப்பார்.

எது நகரும், எது நகராது

'எதைத் தள்ளி வைக்கட்டும்?' என்று கேட்பதற்கு முன், எவையெல்லாம் தள்ளக்கூடியவை என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி.ஆர்-1-ஐ அந்தப் பட்டியலில் வைக்கக் கூடாது. 11-ம் தேதி தவறினால் பாதிப்பு நம் கம்பெனியோடு நிற்காது. 14-ம் தேதி, சரக்கு வாங்கியவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-2பி என்ற பட்டியல் உருவாகும். நாம் தாமதித்தால் நம் பில்கள் அந்த மாதப் பட்டியலில் வராது. வராவிட்டால் 20-ம் தேதி அவர்கள் 3பி தாக்கல் செய்யும்போது, நம் பில்லுக்கான வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. "உங்க பில்லு வரலையே, ஜி.எஸ்.டி தொகையைப் பிடிச்சு வெச்சிருக்கோம்" என்று போன் வரும். பேங்க்குக்கு அவுட்ஸ்டாண்டிங் ரிப்போர்ட் கொடுக்கப்போய், அவுட்ஸ்டாண்டிங்கே கூடிப்போகும்.

ஆனால், கவிதா அதை 10-ம் தேதியே முடிக்கத் திட்டமிட்டிருந்தார். கடைசி நாளில் போர்ட்டல் மெதுவாகிவிடும் என்பதால், ஒரு நாள் முன்னதாக. அந்த ஒரு நாள் அவராக வைத்துக்கொண்ட இடைவெளி. அதில் கொஞ்சம் நகர்த்தலாம். பேமென்ட் லிஸ்ட், உள்ளுக்குள் ஒப்புக்கொண்ட தேதி. முதலாளி சம்மதித்தால் நகரும். பி.எஃப் வேலை 15-ம் தேதி வரை இருப்பதால் இந்தப் பேச்சிலேயே வர வேண்டாம். அதையும் சேர்த்துச் சொன்னால் பட்டியல் நீளும்; ஊதிச் சொல்வதாக அவருக்குத் தோன்றும்.

எப்படிச் சொல்வது?

"பண்ணித் தர்றேங்க சார். இப்ப கையில ரெண்டு வேலை இருக்கு. ஜி.எஸ்.டி.ஆர்-1-க்கு 60 பில் பாக்கி, நாலு மணி நேரம் ஆகும், 11-ம் தேதி கடைசி. பேமென்ட் லிஸ்ட்டுக்கு ரெண்டு மணி நேரம், நாளைக்குச் சாயங்காலம் தர்றதா முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன். இந்த ரிப்போர்ட்டுக்கு அஞ்சு மணி நேரம் ஆகும். நாளைக்குள்ள எனக்கு ஏழு மணி நேரம்தான் இருக்கு. ரிப்போர்ட்டை முதல்ல எடுத்தா நாளைக்கு மதியத்துக்கு மேல தந்துடறேன். பேமென்ட் லிஸ்ட் 11-ம் தேதி சாயங்காலத்துக்குப் போகும். இல்லைன்னா லிஸ்ட் சொன்னபடி நாளைக்கு, ரிப்போர்ட் 11-ம் தேதி சாயங்காலம். எப்படிப் பண்ணட்டுங்க சார்?"

இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. 'முடியாது' என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால், 'மூன்றும் நாளைக்குள் முடியாது' என்பது தெளிவாக இருக்கிறது. இரண்டு வழிகளிலும் ஜி.எஸ்.டி.ஆர்-1 11-ம் தேதிக்குள் முடிந்துவிடுகிறது. முதல் வழியில் நாளை மிச்சமிருக்கும் இரண்டு மணி நேரமும் 11-ம் தேதி காலையில் இரண்டு மணி நேரமும் அதற்குப் போதும்.

இப்படிக் கேட்கும்போது, நமக்குத் தெரியாத விஷயமும் வெளியே வரும். "பேங்க்ல பெரிய பார்ட்டி பத்துப் பேரோடது மட்டும்தான் கேட்டாங்க" என்று மேனேஜர் சொல்லலாம். அப்படியானால் ஐந்து மணி நேர வேலை ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். எதையுமே தள்ள வேண்டியதில்லை.

ஒரு வேலை, இரண்டு முதலாளிகள்

இந்த முறை அதிகமாகச் சிக்கலாவது இங்கேதான். "பேமென்ட் லிஸ்ட் அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்று மேனேஜர் சுலபமாகச் சொல்லிவிடுவார். ஆனால், அந்த லிஸ்ட் அவருடையது அல்ல, முதலாளி கேட்டது. 10-ம் தேதி மாலை முதலாளி வந்து கேட்டால், "மேனேஜர் சார் சொன்னாரு" என்ற பதில் எடுபடாது. சொன்னவருக்கே நினைவிருக்காது.

எனவே, தள்ளப்படும் வேலை யாருடையதோ, அவருக்கு அன்றைக்கே தெரிய வேண்டும். "முதலாளிகிட்ட நீங்க சொல்லிடறீங்களா சார், நான் சொல்லட்டுங்களா?" என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். 'நானே சொல்றேன்' என்று மேனேஜர் சொன்னாலும், இருவருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் போடுவது நல்லது. "பேங்க் ரிப்போர்ட் நாளை 3 மணிக்குத் தருகிறேன். அதனால் சப்ளையர் பேமென்ட் லிஸ்ட் 11-ம் தேதி மாலை 5 மணிக்கு. ஜி.எஸ்.டி.ஆர்-1 11-ம் தேதி மதியத்துக்குள் முடியும்." இவ்வளவு போதும். காரணம் விளக்கி நீளமாக எழுதினால் பாதுகாப்புக்காக எழுதியதுபோல இருக்கும்.

"ரெண்டையுமே பண்ணும்மா" என்றால்?

நிறைய இடங்களில் வரும் பதில் இதுதான். அப்போது அதே கணக்கைத் திரும்பவும் ஒப்பிக்காதீர்கள். நேரம் வேறு எங்கிருந்தாவது வர முடியுமா என்று கேளுங்கள். "பில் சரிபார்க்க பில்லிங்ல இருந்து ஒருத்தரை நாளைக்கு அனுப்ப முடியுங்களா?" அல்லது, "முதல்ல பெரிய பார்ட்டிங்க ரிப்போர்ட் மட்டும் கொடுத்துட்டு, மிச்சத்தை 11-ம் தேதி தரட்டுங்களா?" ஆள் கூட வேண்டும், அல்லது வேலையின் அளவு குறைய வேண்டும். இரண்டுமே இல்லையென்றால் கூடுதல் நேரம் உட்கார வேண்டியதுதான். அப்போதும், "இன்னைக்கு எட்டு மணி வரைக்கும் இருக்க முடியும், அதுக்கு மேல வீட்டுல குழந்தை இருக்கு" என்று எல்லையைச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

எப்போது கேட்கக் கூடாது?

அரை மணி நேரத்தில் முடியும் வேலைக்கு இந்தக் கேள்வி வேண்டாம். ஒரு பில்லின் நகல் கேட்டதற்கெல்லாம் 'எதைத் தள்ளட்டும்?' என்றால், உண்மையாகவே தேவைப்படும் நாளில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். நிஜ அவசரத்திலும் வேண்டாம். வரித்துறை அதிகாரி வாசலில் நிற்கும்போது கேட்ட ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட்டு, மாறிய தேதிகளைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இந்தக் கேள்வியை வாரா வாரம் கேட்க வேண்டியிருக்கிறதா? அப்படியானால் எந்த வேலை முதலில் என்பது பிரச்னையே இல்லை, ஆள் பற்றவில்லை. அப்போது செய்ய வேண்டியது வேறு. நான்கு வாரங்களுக்கு, என்ன வேலை வந்தது, எத்தனை மணி நேரம் ஆனது, எது தள்ளிப்போனது என்று ஒரு நோட்டில் மூன்று பத்தியாகக் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் 20-ம் தேதி நெருக்கடி முடிந்த பிறகு, ஓர் அமைதியான நாளில் அந்த நோட்டோடு போய் உட்காருங்கள். 9-ம் தேதி மதியம் மூன்றரை மணிக்கு அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.