சோமனூரில் உட்கார்ந்தே வெளிநாடு போன கார்டு

சோமனூரில் தறிக்குடோன் வைத்திருக்கும் குடும்பம் அது. வியாழக்கிழமை காலை பால் வாங்கி வைத்துவிட்டு மாமனாரின் செல்போனைச் சார்ஜில் போடப்போன மருமகள், அதில் வந்திருந்த இரண்டு குறுஞ்செய்திகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நள்ளிரவு 2.10-க்கு 1 டாலர். அடுத்த நான்கு நிமிஷத்தில் 399 டாலர்.

"ஏனுங் மாமா, உங்க ஏடிஎம் கார்டுல வெளிநாட்டுச் சாமான் ஏதாச்சும் வாங்கினீங்களா?"

"நானெங்க அம்மிணி வெளிநாட்டுக்குப் போனேன்? இந்த வாரம் கருமத்தம்பட்டியைக்கூடத் தாண்டலையே!"

கணக்கில் இருந்தது சனிக்கிழமை தறி ஓட்டுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலி. அதில் 37,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. கார்டோ பத்திரமாகப் பீரோவில். ஓடிபி வரவில்லை, யாரும் போன் செய்து எதையும் கேட்கவில்லை. அப்புறம் எப்படி?

நான்கு மாதம் முன்பு நடந்த ஒரு நல்ல காரியத்தில்தான் இதன் வேர் இருந்தது. பேரன் மேல்படிப்புக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தான். கட்டணம் 75 டாலர். தாத்தாவின் கார்டைப் போட்டபோது பணம் போகவில்லை. வங்கியின் செயலியில் கார்டு பகுதிக்குள் போய், 'International' என்று இருந்த சுவிட்சுகளை எல்லாம் தட்டிவிட்டான். உடனே பணம் போனது. திரும்ப அணைக்கத்தான் யாருக்கும் நினைவில்லை.

இந்தச் சுவிட்சுகள் வங்கிகள் ஆசைப்பட்டுக் கொடுத்தவை அல்ல. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 15-ல் போட்ட உத்தரவால் வந்தவை. புதிதாகத் தரும் கார்டு, இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடைகளில் மெஷினுக்குள் செருகியும் மட்டுமே வேலை செய்ய வேண்டும். ஆன்லைன், தொடாமல் காட்டிப் பணம் கட்டுவது, வெளிநாட்டுப் பயன்பாடு ஆகிய மூன்றையும் கார்டுக்காரரே விரும்பினால் திறந்துகொள்ளலாம் என்றது அந்த உத்தரவு. புதுப்பித்து வரும் கார்டுக்கும் இதேதான். 'புதுக் கார்டு வந்ததிலிருந்து ஆன்லைனில் எதுவும் வாங்க முடியவில்லை, கார்டு பழுது' என்று வங்கிக்கு ஓடுகிறவர்கள் பலர். பழுதெல்லாம் இல்லை, சுவிட்ச் அணைந்தே வந்திருக்கும்.

செயலியில் இது 'Manage Card', 'Card Controls', 'Manage Usage' என்று வங்கிக்கு வங்கி வேறு பெயரில் இருக்கும். உள்ளே 'Domestic', 'International' என்று இரண்டு பிரிவு. ஒவ்வொன்றிலும் ஏடிஎம், கடை மெஷின், ஆன்லைன், 'Contactless' என்று தனித்தனிச் சுவிட்சு, பக்கத்திலேயே எவ்வளவு ரூபாய் வரை என்று வரம்பு. நாம் தட்டும்போது கார்டில் எதுவும் மாறுவதில்லை. வங்கியின் கணினியில்தான் மாறுகிறது. யாராவது பணம் கேட்கும்போது அந்தக் கணினி முதலில் சுவிட்சைப் பார்க்கும். அணைந்திருந்தால், எண்ணும் ரகசியக் குறியீடும் சரியாகவே இருந்தாலும், பணம் தராது.

பெரும்பாலோர் ஏமாறுவது 'International' என்ற சொல்லில். விமானம் ஏறினால்தான் அது தேவை என்று நினைக்கிறோம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது இதில் கணக்கே இல்லை. பணம் வாங்குகிறவரின் வங்கி எந்த நாட்டில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. சோமனூர்த் திண்ணையில் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டினால், வங்கிக்கு அது வெளிநாட்டுப் பரிவர்த்தனை. சில தளங்களில் விலை ரூபாயில் தெரிந்தாலும் இதே கதைதான்.

நம்மூர் இணையக் கடைகளில் கார்டு எண்ணைப் போட்டால் ஓடிபி கேட்கும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கேட்பதில்லை. எண், முடியும் மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம் இருந்தால் போதும். எங்கோ ஒரு தளத்திலிருந்து திருட்டுப்போன எண்களை வைத்திருப்பவர்கள், எந்தக் கார்டுக்குக் கதவு திறந்திருக்கிறது என்று பார்க்க முதலில் சில்லறைத் தொகையை இழுத்துப் பார்ப்பார்கள். மாமனாருக்கு வந்த அந்த 1 டாலர் அதுதான்.

மருமகள் முதலில் 'International' பிரிவு முழுவதையும் அணைத்தார். ஆனால் அதோடு நிற்கவில்லை. சுவிட்சை அணைப்பது வேறு, கார்டை முடக்குவது வேறு. எண் களவு போன பிறகு அந்தக் கார்டு இனி உதவாது. வங்கியின் உதவி எண்ணுக்குப் பேசி நிரந்தரமாக முடக்கி, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு 1930-க்கும் சொன்னார். எல்லாம் காலை எட்டு மணிக்குள்.

அந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, தவறு வங்கியுடையதும் இல்லை, வாடிக்கையாளருடையதும் இல்லை என்றால், தகவல் வந்த நாளைச் சேர்க்காமல் மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் நஷ்டம் எதுவும் நம் தலையில் விழாது. புகார் சொன்ன பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைக்க வேண்டியது வங்கியின் பொறுப்பு. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் கதை வேறு; புகார் கொடுக்கும்வரை போனது நம்முடையதே. இந்தக் குடும்பத்துக்குப் பணம் திரும்பி வந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமைக் கூலிக்கு மருமகளின் அண்ணனிடம் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது.

பேரன் அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டும்? வெளிநாட்டுப் பிரிவில் ஆன்லைன் ஒன்றை மட்டும் திறந்திருந்தால் போதும். ஏடிஎம்மும் கடை மெஷினும் எதற்கு? டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 75 டாலருக்கு 6,750. வங்கி மூன்றரை சதவீதம் மாற்றுக் கட்டணம் எடுத்தால் 236, அதற்கு ஜிஎஸ்டி 42. மொத்தம் 7,028. வரம்பை 7,500 என்று வைத்து, பணம் போன செய்தி வந்ததும் அணைத்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. ஒருவேளை அணைக்க மறந்திருந்தாலும், 399 டாலர் அந்த வரம்பில் முட்டி நின்றிருக்கும்.

சுவிட்சில் எந்த மாற்றம் செய்தாலும் வங்கி குறுஞ்செய்தி அனுப்பும். நீங்கள் கை வைக்காமலே 'வெளிநாட்டுப் பயன்பாடு திறக்கப்பட்டது' என்று செய்தி வந்தால், உங்கள் செயலிக்குள் வேறு யாரோ நுழைந்துவிட்டார் என்று பொருள். பணம் போவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை இது. விளம்பரச் செய்திகளோடு சேர்த்து இதையும் தள்ளிவிடாதீர்கள்.

வீட்டுக்குப் புதுக் கார்டு வந்தது. அலைக் குறி போட்ட கார்டு. தொடாமல் காட்டினால் 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே போகும் என்றதும், "அது வேண்டாங் கண்ணு, நான் செருகியே நம்பர் போட்டுக்கறேன்" என்றார் மாமனார். 'Contactless' அணைந்தபடியே இருக்கட்டும் என்று விட்டார்கள். உள்நாட்டு ஆன்லைனில் மட்டும் 3,000 வரம்பு வைத்துத் திறந்தார்கள்.

"அப்ப இனி யாரும் காசெடுக்க முடியாதுங்களா அம்மிணி?"

"கார்டு வழியாத்தானுங் மாமா இந்தக் கதவு. யூபிஐ வேற வழி, அதுக்கு இந்தச் சுவிட்சு காவல் இல்லைங். யாராச்சும் போன் பண்ணி நம்பர் கேட்டா, என்கிட்டக் குடுங்க, நான் பேசிக்கறேன்."